பெயர், திகதி, கணக்கு: அனுப்பும் முன் அறிகுறி பார்த்துப் பிழை பிடிக்கும் வழி

ஆரையம்பதியில் பிரதான வீதியோரம் எனக்கு ஒரு சின்னக் கடை. தட்டச்சு, போட்டோக் கொப்பி, விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பது, இவைதான் வேலை. மண்முனைப் பாலம் வந்த பிறகு கொக்கட்டிச்சோலைப் பக்கத்து ஆட்களும் கடதாசிக் கட்டோடு இங்கே வந்துவிடுகிறார்கள். போன வருடம் மே மாதக் கடைசியில் அப்படித்தான் ஒரு மாதர் சங்கத்துச் செயலாளர் அக்கா வந்தார். அவர் கையில் தையல் பயிற்சிக்கு உதவி கேட்கும் விண்ணப்பம் ஒன்று இருந்தது. முகப்புக் கடிதம், 23 பேரின் பயனாளிப் பட்டியல், செலவு மதிப்பீடு, கூட்டறிக்கைப் பிரதி, விலைமனு, சங்கத்தின் வங்கிப் புத்தகப் பிரதி என்று ஒரு கட்டு. அடுத்த நாள் காலை ஒப்படைக்க வேண்டும்.

"நான் ரெண்டு தரம் வாசிச்சிட்டன் தம்பி, பிழை ஒண்டும் இல்ல. நீங்க கொப்பி மட்டும் எடுத்துத் தாங்க" என்றார்.

வாசித்திருப்பார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் 1985.05.12 என்ற திகதியை எத்தனை தரம் வாசித்தாலும் அது சரியான திகதியாகத்தான் தெரியும். எழுத்துப் பிழை என்றால் கண்ணில் குத்தும். இலக்கப் பிழைக்கு அந்தக் குணம் கிடையாது. அதைப் பிடிப்பதற்கு ஒரு வழிதான் உண்டு. அதே தகவல் அந்தக் கட்டில் வேறு எங்கே இருக்கிறது என்று பார்த்து, இரண்டையும் மோதவிட வேண்டும். மோதும் விதத்தைப் பார்த்தால் பிழை எப்படி வந்தது என்பதும் பெரும்பாலும் தெரிந்துவிடும். அன்றைக்கு அந்தக் கட்டில் ஐந்து பிழைகள் அகப்பட்டன. அவற்றை வைத்தே எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒன்று. திரையில் பார்க்காதீர்கள், அச்சிட்டு எடுங்கள். சிவப்புப் பேனா, அடிமட்டம், மூல ஆவணங்கள் மூன்றும் பக்கத்தில் இருக்கட்டும். மூலம் என்று நான் சொல்வது அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், கடைக்காரர் தந்த விலைமனு போன்றவற்றை. போன வருடம் தட்டச்சுச் செய்த பட்டியல் மூலம் ஆகாது, அதுவும் யாரோ அடித்த பிரதிதான்.

அடையாள அட்டை இலக்கமும் பிறந்த திகதியும் ஒத்துவரவில்லை

பயனாளிப் பட்டியலில் பெயர், பிறந்த திகதி, அடையாள அட்டை இலக்கம் மூன்றும் பக்கம் பக்கமாக இருக்கும். நம் அடையாள அட்டை இலக்கத்துக்குள்ளேயே பிறந்த நாள் ஒளிந்திருக்கிறது என்பது பலருக்குத் தெரியும், ஆனால் அதை வைத்துச் சரிபார்ப்பவர்கள் குறைவு.

புதிய 12 இலக்க எண்ணில் முதல் நான்கு இலக்கம் பிறந்த வருடம். அடுத்த மூன்று, அந்த வருடத்தில் அது எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அந்த நாளோடு 500 கூட்டியிருக்கும். பழைய 9 இலக்க எண்ணில் வருடத்துக்கு இரண்டு இலக்கம்தான், அதற்கடுத்த மூன்றும் அதே நாள் கணக்கு. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. பெப்ரவரிக்கு எல்லா வருடமும் 29 நாள் என்று வைத்தே எண்ணுவார்கள். ஆகவே மார்ச் 1 எந்த வருடத்திலும் 61ஆவது நாள்.

கணக்கிட இந்த அட்டவணை போதும். மாதத்துக்கு நேரே உள்ள எண்ணோடு திகதியைக் கூட்டுங்கள்:

```
ஜனவரி      0     ஜூலை       182
பெப்ரவரி   31     ஓகஸ்ட்      213
மார்ச்      60     செப்டெம்பர்  244
ஏப்ரல்     91     ஒக்டோபர்    274
மே        121     நவம்பர்     305
ஜூன்      152     டிசம்பர்     335
```

இதை ஒரு துண்டில் அச்சிட்டு என் மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்திருக்கிறேன்.

அக்காவின் பட்டியலில் ஒன்பதாவது வரியைப் பாருங்கள். பிறந்த திகதி 1985.05.12. அடையாள அட்டை இலக்கம் 1985840 என்று தொடங்குகிறது. மே 12 என்றால் 121 + 12 = 133, பெண் என்பதால் 633 வர வேண்டும். அட்டை 840 என்கிறது. 840இல் 500 கழித்தால் 340. அட்டவணையில் 340க்குக் கீழே உள்ள பெரிய எண் 335, அது டிசம்பர். மீதி 5. அதாவது டிசம்பர் 5. நாளும் மாதமும் இடம் மாறியிருக்கின்றன. அட்டையை வாங்கிப் பார்த்தோம், 1985.12.05 என்றுதான் இருந்தது. யாரோ ஒருவர் 05/12/1985 என்று எழுதிக் கொடுத்ததை வருடத்தை முன்னால் போட்டு அடித்தவர், மற்ற இரண்டையும் அப்படியே விட்டுவிட்டார்.

மோதல் எப்படி இருக்கிறது என்பதைப் பார்த்தே காரணத்தை ஊகிக்கலாம். நாளையும் மாதத்தையும் மாற்றிப் போட்டால் கணக்குப் பொருந்தும் என்றால், மேலே சொன்ன கதைதான். வித்தியாசம் சரியாக 500 என்றால் ஆணுக்குப் பெண், பெண்ணுக்கு ஆண் என்று அடித்திருக்கும். 500க்கு மேல் இருக்க வேண்டிய எண் அதற்குக் கீழே இருந்து, வருடமும் நாளும் சம்பந்தமே இல்லாமல் இருந்தால், மனைவியின் வரியில் கணவனின் இலக்கம் ஏறியிருக்கலாம், ஏனென்றால் வீட்டில் இரண்டு அட்டையையும் ஒரே தாளில் கொப்பி எடுத்துக் கொடுப்பது நம் வழக்கம். வித்தியாசம் ஒன்றே ஒன்று என்றால், முதலில் உங்கள் கணக்கைச் சந்தேகியுங்கள், பெப்ரவரியை 28 நாளாக எண்ணியிருப்பீர்கள்.

தொடர்ச்சியாகப் பல வரிகள் பிசகினால் அது ஆள் செய்த பிழை அல்ல, எக்செல் தாளில் வந்த வினை. பெயர்களை அகரவரிசைப்படுத்தும்போது பெயர் நிரலை மட்டும் தெரிவுசெய்து வரிசைப்படுத்தியிருப்பார்கள். பெயர்கள் நகர்ந்திருக்கும், இலக்கங்கள் நின்ற இடத்திலேயே நிற்கும். இல்லாவிட்டால் நடுவில் ஒரு கட்டத்தை அழித்ததில் அதற்குக் கீழே உள்ளதெல்லாம் ஒரு படி மேலே ஏறியிருக்கும். இந்த நிலையில் வரிவரியாகத் திருத்தப் போகாதீர்கள். பழைய பிரதியைத் திறந்து, எல்லா நிரலையும் சேர்த்துத் தெரிவுசெய்து மறுபடி வரிசைப்படுத்துங்கள்.

23 பேர் என்றால் கையாலேயே பார்த்துவிடலாம். 200 பேர் என்றால் எக்செலிடம் விடுங்கள். பிறந்த திகதி, எக்செல் திகதியாக ஏற்றுக்கொண்ட வடிவில், B2இலும் 12 இலக்க எண் C2இலும் இருந்தால்:

```
=IF(MOD(VALUE(MID(C2,5,3)),500)=DATE(2000,MONTH(B2),DAY(B2))-DATE(1999,12,31),"","பார்")
```

பழைய எண் என்றால் `MID(C2,5,3)` என்பதை `MID(C2,3,3)` என்று மாற்றுங்கள். ஒத்துவராத வரிகளில் மட்டும் "பார்" என்று வரும். இது நாளை மட்டும்தான் பார்க்கிறது, வருடத்தைக் கண்ணால் பாருங்கள்.

இந்தச் சோதனைக்கு எட்டாத இடமும் உண்டு. கடைசி ஐந்து இலக்கங்களைப் பற்றி இது ஒன்றும் சொல்லாது. அவற்றை அட்டையோடு வைத்துத்தான் பார்க்க வேண்டும், நான்கு, மூன்று, ஐந்து என்று பிரித்து. ஒரே ஆளுக்கு ஓரிடத்தில் பழைய எண்ணும் இன்னோரிடத்தில் புதிய எண்ணும் இருந்தால் பயப்பட வேண்டாம். முன்னால் 19 சேர்த்து, முதல் ஐந்து இலக்கத்துக்குப் பிறகு ஒரு 0 நுழைத்து, கடைசி எழுத்தை எடுத்துவிட்டால் பழையது புதியதாகிவிடும்:

```
85840****V   →   19858400****
```

அப்படி மாற்றிப் பார்த்தும் ஒத்துவரவில்லை என்றால் ஒன்றில் இலக்கப் பிழை, இல்லாவிட்டால் அது இரண்டு ஆட்களின் எண். இன்னொன்று, அட்டையிலேயே உள்ள பிறந்த திகதி பிறப்புச் சான்றிதழோடு ஒத்துப்போகாத ஆட்கள் நம் பக்கத்தில் இருக்கிறார்கள். அதை நீங்கள் திருத்தக் கூடாது. அட்டையில் உள்ளதையே எழுதிவிட்டு, அந்த ஆளிடம் சொல்லிவிடுங்கள்.

கடிதத்தில் ஒரு தொகை, அட்டவணையைக் கூட்டினால் வேறு தொகை

முகப்புக் கடிதத்தில் 556,400 ரூபாய் கேட்டிருந்தார்கள். மதிப்பீட்டில் நான்கு வரி: தையல் இயந்திரம் ஆறு, ஒன்று 48,500 வீதம் 291,000, துணி, நூல் 163,400, மேசை, கதிரை 84,000, பயிற்சிச் செலவு 45,000. கல்குலேட்டரில் கூட்டினேன், 583,400 வந்தது.

"கூட்டல் பிழையோ தம்பி?" என்று கேட்டார் அக்கா. பக்கத்தில் நின்ற பொருளாளர் உடனே கடிதத்தில் உள்ளதை 583,400 என்று மாற்றச் சொன்னார். இப்படி அவசரப்பட்டு ஒன்றை மற்றதுக்கு ஏற்ப மாற்றுவதுதான் இந்த வேலையில் மகா பிழை. எது சரி என்று தெரிவதற்கு முன் எதிலும் கைவைக்கக் கூடாது. முதலில் வித்தியாசத்தை எடுங்கள்.

583,400இலிருந்து 556,400ஐக் கழித்தால் 27,000. இதை 9ஆல் வகுத்தால் மீதியில்லாமல் 3,000 வருகிறது. அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினால் வித்தியாசம் எப்போதும் 9ஆல் வகுபடும். பழைய கணக்குப்பிள்ளைமாருக்கு இது மனப்பாடம். 3,000 என்பதில் உள்ள 3, இடம் மாறிய இரண்டு இலக்கங்களுக்கும் இடையிலுள்ள வித்தியாசம். பின்னாலுள்ள மூன்று பூச்சியம், அவை பத்தாயிரத்திலும் ஆயிரத்திலும் உள்ளவை என்பதைச் சொல்கிறது. இப்போது நான்கு வரியிலும் அந்த இரண்டு இடங்களை மட்டும் பாருங்கள். 291,000இல் 9, 1. வித்தியாசம் 8. 84,000இல் 8, 4. வித்தியாசம் 4. 45,000இல் 4, 5. வித்தியாசம் 1. 163,400இல் 6, 3. இதுதான் ஆள். விலைமனுவை எடுத்துப் பார்த்தால் துணி, நூல் 136,400. கடிதத்தில் இருந்ததுதான் சரியான தொகை. பொருளாளர் சொன்னபடி கடிதத்தை மாற்றியிருந்தால் 27,000 ரூபாய் கூடக் கேட்டு, விலைமனுவோடு ஒத்துவராத விண்ணப்பம் போயிருக்கும்.

பூச்சியம் ஒன்று விடுபட்டாலும் வித்தியாசம் 9ஆல் வகுபடும். 84,000ஐ 8,400 என்று அடித்திருந்தால் வித்தியாசம் 75,600. அதை 9ஆல் வகுத்தால் 8,400 வரும், அந்த எண்ணே அட்டவணையில் உட்கார்ந்திருக்கும். ஆனால் 9ஆல் வகுபட்டது என்பதற்காகச் சத்தியம் செய்யவும் கூடாது. எதேச்சையான வித்தியாசமும் ஒன்பதில் ஒரு தரம் அப்படி அமையும். மூல விலைமனுவில் கண்ணால் கண்ட பிறகுதான் திருத்த வேண்டும்.

வித்தியாசம் சரியாக ஒரு வரியின் தொகையாகவே இருந்தால், உதாரணமாக 45,000, அந்த வரி கூட்டலில் சேரவில்லை. எக்செலில் யாரோ அந்தக் கட்டத்தில் "ரூ. 45,000" என்று அடித்திருப்பார்கள். எக்செலுக்கு அது எண் அல்ல, எழுத்து. `SUM` அதைச் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். மற்ற எண்கள் கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டியிருக்க, அது மட்டும் இடப்பக்கம் நிற்பதுதான் அடையாளம். வேர்ட் அட்டவணையில் கூட்டல் போட்டிருந்தால் வேறு வில்லங்கம். நடுவில் ஒரு தொகையை மாற்றினாலும் மொத்தம் தானாக மாறாது. மொத்தத்தின் மேல் சொடுக்கி `F9` அழுத்தினால்தான் புதுக் கணக்கு வரும்.

தொகையை எழுத்தாலும் எழுதியிருந்தால் அதையும் விடாதீர்கள். எண்ணைத் திருத்துகிறவர்கள் அநேகமாக எழுத்தைத் திருத்த மறந்துவிடுவார்கள். "ஐந்து இலட்சத்து ஐம்பத்தாறாயிரத்து நானூறு" என்பதை வாய்விட்டு வாசித்து, இன்னொருவரை அதை எண்ணாக எழுதச் சொல்லி, கடிதத்தோடு ஒப்பிடுங்கள். காற்புள்ளியையும் கவனியுங்கள். இந்தியப் படிவம் ஒன்றைப் பார்த்து 5,56,400 என்று போட்டுவிடுகிறவர்கள் உண்டு. நம் அலுவலகங்களில் 556,400 என்றுதான் எழுதுவது.

திகதியும் கிழமையும் சண்டை பிடிக்கின்றன

கூட்டறிக்கையின் தலைப்பில் "2025.05.12 புதன்கிழமை" என்றிருந்தது. கிழமை எழுதுவது வீண் வேலை என்று நினைக்காதீர்கள், திகதிக்கு அதைப் போல சாட்சி வேறில்லை. கலண்டரைப் பார்த்தோம், 2025 மே 12 திங்கட்கிழமை. அதுவும் வெசாக் போயா. அன்றைக்கு லீவு, கூட்டத்துக்கு வந்து கையெழுத்துப் போட்ட உத்தியோகத்தர் வந்திருக்க முடியாது.

அப்படியானால் சரியான திகதி எது? 12ஐப் புரட்டினால் 21. மே 21 புதன்கிழமை. இன்னொரு சாட்சியும் இருந்தது. அந்தக் கூட்டத்தில் விலைமனுவை அங்கீகரித்ததாக எழுதியிருந்தார்கள், விலைமனுவின் திகதியோ 2025.05.19. பன்னிரண்டாம் திகதி கூட்டத்தில் பத்தொன்பதாம் திகதி விலைமனுவை எப்படி அங்கீகரிப்பது? கூட்டப் புத்தகத்தைக் கொண்டுவந்து பார்த்தபோது 21 என்றுதான் இருந்தது.

திகதிகளைப் பார்க்க நான் செய்வது இதுதான். கட்டில் உள்ள எல்லாத் திகதியையும் ஒரு வெற்றுத் தாளில் நடந்த ஒழுங்கில் எழுதுவேன். விலைமனு 19, கூட்டம் 21, அதற்குப் பிறகு கடிதம், அதற்குப் பிறகு ஒப்படைக்கும் கடைசி நாள். ஏதாவது ஒன்று முன்பின்னாகி நின்றால் அதுவே அறிகுறி. எதிர்காலத்தில் நிகழ்ச்சி வைக்கிற திகதி என்றால் போயா நாளையும் சேர்த்துப் பாருங்கள். கிழமை சரியாக இருந்துவிட்டாலும், அன்று அலுவலகம் மூடியிருந்தால் திகதி சந்தேகத்துக்குரியதுதான். 2025 ஜூன் 10 செவ்வாய்க்கிழமைதான், ஆனால் பொசன் போயா.

எக்செலில் திகதிகள் சில வலப்பக்கமும் சில இடப்பக்கமும் ஒட்டியிருந்தால், உங்கள் கணினி அமெரிக்க ஒழுங்கில், அதாவது மாதத்தை முதலில் வைத்துப் பார்க்கிறது என்று அர்த்தம். 25/03/1990 என்று அடித்தால் 25ஆவது மாதம் இல்லையே என்று அதை எழுத்தாக விட்டுவிடும், அது இடப்பக்கம் நிற்கும். 05/03/1990ஐயோ மே 3 என்று ஏற்றுக்கொண்டு வலப்பக்கம் தள்ளிவிடும். வேடிக்கை என்னவென்றால், இடப்பக்கம் நிற்கிறவைதான் நல்ல பிள்ளைகள். வலப்பக்கம் ஒழுங்காக நிற்கிறவற்றைத்தான் மூலத்தோடு ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

ஒரே ஆள் இரண்டு பெயரில் வருகிறார்

பொருளாளரின் பெயர் கௌரி என்று தொடங்கும். கடிதம், கூட்டறிக்கை, பயனாளிப் பட்டியல் என்று மூன்று இடத்தில் வர வேண்டும். வேர்டில் `Ctrl+F` போட்டுத் தேடினேன், இரண்டு இடம்தான் காட்டியது. மூன்றாவது இடத்தில் பெயர் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது, தேடலில் வரவில்லை. காரணம், அங்கே "கௌ" என்ற ஒரே எழுத்துக்குப் பதிலாக "கெ"யை அடித்து அதற்குப் பக்கத்தில் "ள"வைப் போட்டிருந்தார்கள். கௌரி, கெளரி. அச்சில் ஒன்றுபோலவே தெரியும். தாளைப் பார்க்கிறவருக்கு இது பிழையே அல்ல. ஆனால் பட்டியலை யாராவது கணினியில் ஏற்றித் தேடினால் ஆள் இல்லை என்றுவிடும். ஆகவே பெயர் எத்தனை இடத்தில் வர வேண்டும் என்று முதலில் எண்ணி வைத்துக்கொண்டு, பிறகு தேடுங்கள். எண்ணிக்கை குறைந்தால் விடுபட்ட இடத்தில்தான் பிசகு. தேடும்போது முழுப் பெயரையும் அடிக்காமல் மாறாத ஒரு துண்டை மட்டும் அடித்தால் மற்ற வேறுபாடுகளும் வலையில் விழும். "யோகேஸ்" என்று தேடினால் யோகேஸ்வரியும் வருவார், யோகேஸ்வரனும் வருவார், முதலெழுத்து மாறி நிற்கிறவரும் வருவார்.

முதலெழுத்துத்தான் எனக்கு அதிகம் தலைவலி தருவது. ஆங்கிலத்தில் `K.` என்று இருப்பதைத் தமிழில் போடும்போது "க." என்று போட்டுவிடுகிறார்கள். அப்பாவின் பெயர் குமாரசாமியாக இருந்தால் "கு.", கிருஷ்ணபிள்ளையாக இருந்தால் "கி.". `S.` என்றால் ச, சி, சு, செ எதுவும் ஆகலாம். ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு ஊகித்து எழுதவே கூடாது, ஆளைக் கேட்க வேண்டும். கல்முனை, சம்மாந்துறைப் பக்கத்து முஸ்லிம் பெயர்களில் முதலெழுத்து மூன்று நான்கு சேர்ந்து வரும். ஏ.எல்.எம்., எம்.ஐ.எம். என்று எழுதும்போது எம், எல், என் மூன்றும் இடம் மாறுவது சர்வசாதாரணம். போனில் கேட்டு எழுதினால் நிச்சயம் மாறும். அதற்கு அட்டையின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுவதே மேல்.

பணம் சம்பந்தப்பட்ட இடத்தில் ஆங்கில எழுத்துக்கூட்டல் வங்கிப் புத்தகத்தில் உள்ளபடிதான் இருக்க வேண்டும். கந்தையா என்ற பெயரை ஆங்கிலத்தில் `Kandiah` என்றும் எழுதலாம், `Kanthaiah` என்றும் எழுதலாம், இரண்டும் சரியே. வங்கிக்கு ஒன்றுதான் சரி. அழகாக இருக்கிறதென்று நீங்களே ஒன்றைத் தெரிவுசெய்யாதீர்கள்.

இலக்கத்தில் விநோத எழுத்து வருகிறது, பூச்சியம் காணாமல் போகிறது

இவையெல்லாம் கணினியின் சேட்டை, ஆளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அடையாள அட்டை இலக்கத்தின் இடத்தில் `1.98584E+11` என்று தெரிந்தால், 12 இலக்கத்தை எக்செல் சுருக்கிக் காட்டுகிறது. உள்ளே எண் பத்திரமாக இருக்கும். நிரலைத் தெரிவுசெய்து எண் வடிவத்துக்கு மாற்றி, தசமம் இல்லாமல் வைத்தால் வெளியே வந்துவிடும். தொலைபேசி இலக்கம் 065க்குப் பதில் 65 என்று தொடங்கினால் முன் பூச்சியத்தை அது விழுங்கிவிட்டது. பூச்சியத்தில் தொடங்கும் வங்கிக் கணக்கு இலக்கத்துக்கும் அதே கதிதான். இங்கே பூச்சியம் உண்மையிலேயே போய்விட்டது, எத்தனை பூச்சியம் போனது என்று கணினிக்கே தெரியாது. நிரலை எழுத்து வடிவமாக மாற்றிவிட்டு, மூலத்தைப் பார்த்துத் திரும்ப அடிக்க வேண்டும். பட்டியல் தொடங்கும் முன்பே அந்த மாற்றத்தைச் செய்து வைப்பவர்களுக்கு இந்த வேலை மிச்சம்.

பாமினி எழுத்துருவில் அடிப்பவர்களுக்கு இன்னொரு அறிகுறி: பழைய அடையாள அட்டை இலக்கத்தின் கடைசியில் "ஏ" என்று நிற்கும். பாமினியில் `V` விசை "ஏ" தரும், `X` விசை "ஓ" தரும். இலக்கங்கள் அப்படியே இருப்பதால் யாருக்கும் உறைப்பதில்லை. அந்த ஓர் எழுத்தை மட்டும் தெரிவுசெய்து ஆங்கில எழுத்துருவுக்கு மாற்றினால் சரி.

ஊர், பிரிவு, விலாசம் பழசாகத் தெரிகிறது

ஐந்தாவது பிழை விலாசத்தில் இருந்தது. கடிதம் போக வேண்டியது மண்முனை தென்மேற்குப் பிரதேச செயலகத்துக்கு. தட்டச்சில் மண்முனை மேற்கு என்றிருந்தது. முதலாவது கொக்கட்டிச்சோலை, பட்டிப்பளைப் பக்கம். இரண்டாவது வவுணதீவு. மட்டக்களப்பில் மண்முனை என்று தொடங்கும் பிரிவு ஐந்து, கோறளைப்பற்று என்று வருவது ஐந்து. வேறு ஊர்ச் சங்கத்தின் கடிதத்தைத் திறந்து பெயரை மாற்றி அனுப்பும்போது இதுதான் நடக்கும். ஆகவே பிரிவின் பெயருக்குப் பக்கத்தில் ஊரையும் எழுதிப் பாருங்கள், இரண்டும் ஒத்துவராவிட்டால் உடனே தெரியும். தொலைபேசிக்கும் அதே வழி: மட்டக்களப்பு 065, கல்முனை 067, அம்பாறை 063. விலாசம் ஒரு ஊராகவும் முன் இலக்கம் இன்னொரு ஊராகவும் இருந்தால் பழைய கடிதத்தின் எச்சம் அங்கே ஒட்டியிருக்கிறது.

பழைய கடிதத்திலிருந்து அடித்ததென்றால், பழைய சங்கத்தின் பெயர், பழைய வருடம், பழைய தலைவரின் பெயர் மூன்றையும் ஒவ்வொன்றாகத் தேடிப் பாருங்கள். "எதுவும் கிடைக்கவில்லை" என்று வர வேண்டும். தலைப்பு, அடிக்குறிப்புப் பகுதிகளைத் தனியாகத் திறந்தும் ஒரு தரம் பாருங்கள், அங்கேதான் அதிகம் ஒளிந்திருக்கும்.

ஒன்றும் பிசகவில்லை, ஆனாலும் மனம் ஒப்பவில்லை

எல்லாம் ஒன்றோடொன்று ஒத்துவந்தாலும், எல்லாமே ஒரே பிழையான தாளைப் பார்த்து அடித்தவையாக இருக்கலாம். இந்தப் பிழையை மேலே சொன்ன எந்தச் சோதனையும் பிடிக்காது. அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மூலத்தை வைத்துக்கொண்டு வாய்விட்டு வாசிக்க வேண்டும், மற்றவர் அச்சுப் பிரதியில் விரல் வைத்துத் தொடர வேண்டும். மாறி வாசிக்கக் கூடாது. அச்சுப் பிரதியை வாசித்தால் மூலத்தைப் பார்க்கிறவர் "ஓம், ஓம்" என்று தலையாட்டிவிடுவார். இலக்கத்தை "ஒரு இலட்சத்து முப்பத்தாறாயிரத்து" என்று வாசிக்காமல் "ஒன்று, மூன்று, ஆறு, நான்கு, பூச்சியம், பூச்சியம்" என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். பட்டியலைக் கடைசி வரியிலிருந்து மேல் நோக்கி வாசித்தால், பழக்கத்தில் கண் தாவுவது குறையும்.

அன்று நானும் அக்காவும் இப்படி வாசித்து முடிக்கும்போது இருட்டிவிட்டது. ஐந்து பிழையையும் திருத்தி அச்சிட்டோம். அக்கா கட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்.

"கொஞ்சம் இருங்க அக்கா" என்றேன். திருத்திய இடங்களை மட்டும் அல்ல, அவற்றுக்கு மேலும் கீழும் உள்ள வரிகளையும் இன்னொரு தரம் மூலத்தோடு பார்க்க வேண்டும். திருத்தும் அவசரத்தில் பக்கத்து வரியில் கை படுவது நடக்கிற காரியம். துணி, நூல் வரியை 136,400 ஆக்கியிருந்தேன், சரி. அதற்குக் கீழே மேசை, கதிரை 48,000 என்று நின்றது. காலையில் 84,000 ஆக இருந்தது. கூட்டிப் பார்த்தேன், 520,400. கடிதத்தில் 556,400. வித்தியாசம் 36,000, அதை ஒன்பதால் வகுத்தால் 4,000. பிழை என் கையால் வந்தது.

அக்கா சிரித்துவிட்டுத் திரும்ப உட்கார்ந்தார். "அப்ப இன்னொருக்கா வாசிப்பம், தம்பி."